ஊசி போன வழியில் கொஞ்சம் காற்று: சீ.ரி. பார்த்து எடுத்த ஒரு நுரையீரல் பயொப்சி

நான் கிழக்கில் ஓர் அரச ஆஸ்பத்திரியின் மார்பு நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். சீ.ரி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நுரையீரலுக்குள் ஊசி போட்டுத் துண்டு எடுப்பது பற்றி நோயாளிகளின் பிள்ளைகள் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "ஊசி குத்தினால் நுரையீரல் சுருங்கிப் போகுமாமே, உண்மையா?" உண்மைதான், சிலருக்குக் கொஞ்சம் சுருங்கும். அது எப்படி நடக்கிறது, நடந்தால் என்ன செய்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதை ஒரு முழு நிகழ்வாக எழுதி வைக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

ஆளும் பின்னணியும்

அறுபதைத் தாண்டிய ஐயா. அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பக்கம், வேளாண்மைதான் தொழில். இளவயதிலிருந்து பீடி, கடைசி இரண்டு வருடமாக விட்டுவிட்டார் என்று சொன்னார், மனைவி பக்கத்தில் நின்று "குறைத்துவிட்டார்" என்று திருத்தினார். மூன்று மாதமாக இருமல், நாலு கிலோ குறைவு. காய்ச்சல் இல்லை, சளியில் இரத்தம் இல்லை.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு வட்ட நிழல் தெரிந்தது. சீ.ரி.யில் அது 22 மில்லிமீற்றர் கட்டி, மேல் மடலின் பின்பக்கம். அதைச் சுற்றி நுரையீரல் நன்றாக இல்லை. பீடி தின்ற நுரையீரலில் காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் உடைந்து பல சேர்ந்து பெரிய வெற்றிடங்களாகிவிடும், எம்பிசீமா என்போம். அவருக்கு அது இருந்தது, கட்டிக்கு நேர் பின்னால் ஒரு காற்றுக் குமிழும் இருந்தது. இந்தக் குமிழைப் பற்றி அப்புறம் திரும்பவும் பேச வேண்டியிருக்கும்.

ஏன் ஊசிவரை போக வேண்டி வந்தது

எங்கள் பக்கம் மேல் மடலில் நிழல் என்றதும் முதலில் நினைப்பது காசநோய். பீடிக்காரர், வயது, எடை குறைவு என்று சேர்த்தால் புற்றுநோய். இரண்டும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். சளியை மூன்று முறை பார்த்தோம், கிருமி இல்லை. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையும் இல்லை என்றது. மூச்சுக்குழாய் வழியே கமெரா விட்டுப் பார்த்தபோது கட்டி எட்டவில்லை, அது குழாய்கள் மெலிந்து முடியும் இடத்துக்கும் அப்பால் இருந்தது. கழுவி எடுத்த நீரிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது மூன்று வழி இருந்தது. காசநோய் என்று வைத்து மருந்தைத் தொடங்கி இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பது ஒன்று, புற்றுநோயாக இருந்தால் அந்த இரண்டு மாதம் வீண். சத்திரசிகிச்சை செய்து அந்தப் பகுதியை எடுத்துப் பார்ப்பது இன்னொன்று, காசநோயாக இருந்தால் மாத்திரையால் ஆறியிருக்கக்கூடிய ஒன்றுக்காக நெஞ்சைத் திறந்ததாகும். மூன்றாவது, வெளியிலிருந்து ஊசி. கட்டி ஊசிக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. வார்ட் கூட்டத்தில் ஊசி என்று முடிவானது, ஆனால் எம்பிசீமா இருப்பதால் காற்றுக் கசியும் வாய்ப்பு சாதாரண ஆளைவிட அதிகம் என்று தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தோம்.

முன்னேற்பாடு

இரத்தம் உறைகிறதா என்று பார்த்தோம், ஐ.என்.ஆர். அளவும் இரத்தத் தட்டுகளும் சரியாக இருந்தன. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து எதுவும் அவர் எடுக்கவில்லை. மூச்சு ஊதும் சோதனையும் செய்தோம். ஒரு பக்க நுரையீரல் கொஞ்சம் சுருங்கினால் மற்றப் பக்கம் தாங்குமா என்பதுதான் அதில் எங்களுக்கு வேண்டிய விஷயம். தாங்கும் என்று தெரிந்தது.

சம்மதம் கேட்கும்போது எண்ணைச் சொல்லித்தான் கேட்போம். துண்டு எடுக்கும் ஊசியில், வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நாலு பேரில் ஒருவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஓர் அளவு காற்றுப் போகிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே போய்விடும். காற்றை வெளியே எடுக்க நெஞ்சில் குழாய் போடும் அளவுக்குப் போவது நூறு பேரில் ஐந்தாறு பேர். ஐயா முழுவதும் கேட்டுவிட்டு, "நாலில் அந்த ஒருவன் நான்தான் என்று சொல்லுங்கோ தம்பி, பீடி குடிச்ச நெஞ்செல்லோ" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, அவருடைய வாய்ப்பு அதைவிடக் கூட.

மேசையில்

பலர் நினைப்பது போல ஊசி உள்ளே போவதை சீ.ரி. திரையில் ஓடும் படமாகப் பார்த்துக்கொண்டு குத்துவதில்லை, குறைந்தது இங்கே அப்படி இல்லை. ஒரு படம் எடுப்போம், ஊசியைக் கொஞ்சம் நகர்த்துவோம், எல்லாரும் வெளியே வந்து திரும்ப ஒரு படம் எடுப்போம். அதனால் இரண்டு படங்களுக்கு இடையே நோயாளி அசையக் கூடாது, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். ஒரு முறை நிறைய இழுத்து அடுத்த முறை கொஞ்சம் இழுத்தால் கட்டி மேலும் கீழும் போய்விடும், ஊசி போன இடம் வெறும் நுரையீரலாக இருக்கும்.

அவரைக் குப்புறப் படுக்க வைத்து, தோள்பட்டை எலும்பு விலக வேண்டும் என்பதற்காக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்தோம். முதுகில் உலோகக் கோடுகள் உள்ள ஒரு பட்டையை ஒட்டிப் படம் எடுத்தால், எந்தக் கோட்டுக்கு நேரே குத்துவது, எவ்வளவு ஆழம், எந்தச் சரிவு என்று கணக்குப் பார்க்கலாம். தோலிலிருந்து நுரையீரலின் சவ்வு வரை மூன்றரை சென்ரிமீற்றர், அங்கிருந்து கட்டி வரை நேர்க்கோட்டில் இரண்டரை. ஆனால் அந்த நேர்க்கோடு சரியாக அந்தக் குமிழுக்குள்ளால் போனது.

இந்த இடத்தில்தான் ரேடியோலொஜி டொக்டர் அன்றைய முக்கியமான முடிவை எடுத்தார். குறுகிய வழியை விட்டுவிட்டு, ஒரு விலா இடைவெளி தள்ளிச் சரிவாகப் போகும் நீண்ட வழியை எடுத்தார். நுரையீரலுக்குள் ஊசி போகும் தூரம் கூடினால் காற்றுக் கசியும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும், அது தெரியும். ஆனால் குமிழைக் குத்தினால் அதன் மெல்லிய சுவர் மூடிக்கொள்ளாது, அதுவே பெரிய கசிவு. மடல்களுக்கு இடையே உள்ள பிளவையும் தவிர்க்க வேண்டும், அதைக் கடந்தால் சவ்வைக் கூடுதலான இடங்களில் ஓட்டையாக்கியதாகும். நீண்ட வழி இரண்டையும் தவிர்த்தது.

விலா எலும்பின் கீழ் ஓரத்தில் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால் ஊசியை எப்போதும் விலாவின் மேல் ஓரத்தைத் தொட்டபடிதான் விடுவார்கள். விறைப்பு மருந்து தோலிலிருந்து சவ்வு வரை போட்டார்கள். வலி தெரிவது அந்தச் சவ்வின் வெளிப் படையில்தான், நுரையீரலுக்குள்ளே போன பிறகு வலி பெரிதாக இல்லை, அதனால் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு ஊசியைத் தள்ளினால் நோயாளி துள்ளுவார்.

பாவித்தது ஒன்றுக்குள் ஒன்று போகும் இரட்டை ஊசி. வெளி ஊசி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு, அது ஒரு தடவைதான் சவ்வைக் கடக்கும். அதன் உள்ளால் துண்டு வெட்டும் ஊசி எத்தனை தடவை போய் வந்தாலும் சவ்வில் ஒரே ஓட்டைதான். வெளி ஊசியைச் சவ்வுக்குச் சற்று முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள், பிறகு மூச்சை நிறுத்தச் சொல்லி ஒரே தள்ளலில் உள்ளே. ஊசி முனை பாதி உள்ளே பாதி வெளியே என்று சவ்வில் நிற்கக் கூடாது. நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் வழுக்கிப் போவதால், நிற்கும் ஊசி முனையில் சவ்வு கிழிந்துகொண்டே இருக்கும்.

உள் கம்பியை இழுத்தவுடன் ஊசியின் வாயை விரலால் மூடுவார்கள். அந்த நேரம் நோயாளி ஆழமாக மூச்சை இழுத்தால் வெளிக் காற்று ஊசி வழியே இரத்தக் குழாய்க்குள் போகலாம். மிக அரிதுதான், ஆனால் அது மூளைக்கோ இதயத்துக்கோ போனால் உயிருக்கு ஆபத்து. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் யாரும் விடுவதில்லை.

முதல் துண்டு சரியாக வந்தது. இரண்டாவது எடுக்கும்போது ஐயா இருமினார், நாலைந்து இருமல் தொடர்ந்து. துப்பியதில் இரத்தக் கீறல் இருந்தது. படம் எடுத்தபோது கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் இரத்தம் கசிந்த மங்கல், முதுகுப் பக்கம் ஊசிக்குப் பக்கத்தில் ஆறேழு மில்லிமீற்றர் தடிப்பில் கறுப்பாக ஒரு பிறை. காற்று. குப்புறப் படுத்திருப்பவருக்கு முதுகுதான் மேல்பக்கம், காற்று மேலே போய் நிற்கும்.

நாலு துண்டு எடுப்பது திட்டம். மூன்றாவதோடு நிறுத்த முடிவானது, ஏற்கனவே எடுத்தவை நீளமாகவும் முழுதாகவும் இருந்தன. அவருடைய கையிலிருந்து எடுத்த சில மில்லிலீற்றர் இரத்தத்தை, ஊசியை வெளியே இழுக்க இழுக்க அந்தப் பாதையில் விட்டு வந்தார்கள். அது உறைந்து பாதையை அடைக்கும் என்பதுதான் எண்ணம். ஊசி வந்த கையோடு, எழும்பவிடாமல், ஆள் சேர்ந்து உருட்டி அவரை நிமிர்த்தித் தள்ளுவண்டியில் கிடத்தினோம்.

மூன்று துண்டில் இரண்டு போர்மலினுக்குள், ஒன்று வெறும் சேலைன் தண்ணீருக்குள். இதை ஊசி போடுவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். போர்மலினில் போட்ட துண்டில் காசநோய்க் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் பழக்கத்தில் போர்மலினில் போட்டுவிட்டு அப்புறம் கிருமி வளர்க்கக் கேட்டால் ஒன்றும் செய்ய இயலாது.

காற்று ஏன் போகிறது, ஏன் பெரும்பாலும் நின்றுவிடுகிறது

நுரையீரலைச் சுற்றி இரண்டு படையாக ஒரு சவ்வு, ஒன்று நுரையீரலோடும் மற்றது நெஞ்சுச் சுவரோடும் ஒட்டியிருக்கும். நடுவே கொஞ்சம் ஈரம் மட்டும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வழுக்கும், ஆனால் பிரிக்க முடியாது, அந்த மாதிரி. நுரையீரல் எப்போதும் சுருங்கப் பார்க்கும், நெஞ்சுச் சுவர் எப்போதும் விரியப் பார்க்கும். இந்த இழுபறியால் நடுவில் உள்ள இடத்தின் அழுத்தம் வெளிக் காற்றைவிடக் குறைவு. அங்கே ஒரு வழி திறந்தால் காற்று தானே உள்ளே இழுபட்டு வரும், இரண்டு படையும் பிரியும், நுரையீரல் அந்த அளவுக்குச் சுருங்கும். இதைத்தான் நியூமோதொராக்ஸ் என்கிறோம்.

வழி இரண்டு. ஊசியின் வழியே வெளியிலிருந்து வரலாம், இது சிறிது. பெரும்பாலும் வருவது நுரையீரலில் ஊசி விட்ட ஓட்டை வழியாக, சிற்றறைகளில் இருக்கும் காற்று. நல்ல நுரையீரலில் இறப்பர் போல இழுபடும் நார்கள் ஓட்டையை நெருக்கும், கொஞ்சம் இரத்தமும் வந்து அடைக்கும், அதோடு சரி. எம்பிசீமாவில் அந்த நார்களே அழிந்திருக்கும், நெருக்க ஆளில்லை. அதோடு இருமும்போது நுரையீரலுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறி அந்த ஓட்டையால் காற்றை வெளியே தள்ளும். இந்த ஐயாவுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன. ஊசி பிழையான இடத்தில் போனதால் வந்ததல்ல, சரியான இடத்தில் போயும் வந்தது.

அப்படியென்றால் எல்லாக் காற்றும் வந்து நுரையீரல் முழுதாக ஏன் சுருங்கவில்லை? நுரையீரல் கொஞ்சம் சுருங்கினவுடன் ஓட்டையும் சேர்ந்து சுருங்குகிறது, ஓரங்கள் நெருங்குகின்றன, கசிவு மெல்ல நிற்கிறது. ஊசி போன பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைப்பதும் இதற்குத்தான். நுரையீரலின் எடை அந்தப் பகுதியை நெருக்கும், அங்குள்ள சிற்றறைகளில் காற்றுக் குறையும், நடுவில் உள்ள காற்று நெஞ்சின் முன்பக்கம் போய்விடும், ஓட்டை இருக்கும் இடத்தில் இரண்டு படையும் திரும்ப ஒட்டும்.

அன்று பின்னேரமும் இரவும்

நிமிர்ந்து படுக்க வேண்டும், பேசக் கூடாது, இருமல் வந்தால் அடக்கப் பார்க்க வேண்டும் என்று சொன்னோம். பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம், பார்க்க வந்தவர்களிடம் வேளாண்மைக் கதை சொல்லத் தொடங்கிவிடுவார், வார்டில் மிஸ் வந்து இரண்டு தடவை ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் முதல் எக்ஸ்ரே. படுத்தபடி எடுத்தால் காற்று முன்பக்கம் பரவி நின்று படத்தில் தெரியாமல் போகும், அதனால் உட்கார வைத்து எடுத்தோம். வலது மேலே, நுரையீரலின் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அந்தக் கோட்டுக்கு வெளியே இரத்தக் குழாய்களின் நிழல் எதுவும் இல்லை. இடைவெளி ஒரு சென்ரிமீற்றர். நாலு மணி நேரத்தில் எடுத்த அடுத்த படத்தில் ஒன்றரை.

கூடியிருக்கிறதே என்று மகன் பயந்துவிட்டார். எங்களுக்குள்ளும் கொஞ்சம் பேச்சு நடந்தது. குழாய் போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் ஐயாவுக்கு மூச்சு முட்டவில்லை, நாடி 84, ஒக்சிசன் அளவு 96. படத்தில் உள்ள சென்ரிமீற்றரை விட ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் குழாயை முடிவு செய்ய வேண்டும். குழாய் என்பதும் இன்னோர் ஓட்டை, வலி, தொற்று வரும் வாய்ப்பு, கூடுதல் நாட்கள். பார்த்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தோம், ஆனால் வீட்டுக்கு விடுவதில்லை.

ஒக்சிசன் கொடுத்தால் காற்று சீக்கிரம் உறிஞ்சப்படும் என்பது உண்மை. நெஞ்சுக்குள் போன காற்றில் பெரும்பகுதி நைதரசன். ஒக்சிசனை நிறையச் சுவாசித்தால் இரத்தத்தில் நைதரசன் குறையும், அதனால் உள்ளே தேங்கியது இரத்தத்துக்குள் வேகமாக இழுபடும். ஆனால் நாட்பட்ட பீடி நுரையீரலுக்கு ஒக்சிசனை அதிகமாகக் கொடுத்தால் சிலருக்குக் காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கி மயக்கம் வரும். 96 இருப்பவருக்கு ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்காக அதில் இறங்க வேண்டாம் என்று விட்டோம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய கனுலாவும் குழாய் போடும் சாமான்களும் வைத்தோம். காற்று ஒரு வழியால் வந்து திரும்பிப் போக முடியாமல் தேங்கினால் இதயத்தையே மற்றப் பக்கம் தள்ளிவிடும். மூச்சுத் திணறல் திடீரென்று கூடுவது, நாடி ஓடுவது, இரத்த அழுத்தம் விழுவது என்று பார்க்க வேண்டியவற்றை இரவு வேலைக்கு வந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம். அப்படி வந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே ஊசியால் காற்றை விட வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தால் தோள்மூட்டில் குத்துகிறது என்றார், பரசிட்டமோல் போதுமாக இருந்தது. காலைப் படத்தில் அதே ஒன்றரை. அன்று பின்னேரம் வீட்டுக்கு விட்டோம்: திடீரென்று நெஞ்சு குத்தி மூச்சு முட்டினால் பஸ்ஸைப் பார்க்க வேண்டாம், 1990க்கு அடித்து அம்புலன்ஸில் வாருங்கள் என்று சொல்லி.

விமான ரிக்கெற்

வீட்டுக்கு விடும்போதுதான் மகன் சொன்னார், அப்பாவை நாலு நாளில் சென்னைக்குக் கூட்டிப் போக ரிக்கெற் போட்டிருக்கிறேன் என்று. பயொப்சி முடிவு என்னவாக இருந்தாலும் அங்கே ஒரு தரம் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது, ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரமான மலையில் இருப்பது போலக் குறையலாம். அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும், அந்த உயரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வரை. எங்கேயும் போக வழியில்லாத அந்த ஒன்றரை சென்ரிமீற்றர் காற்று நடு வானத்தில் விரிந்தால் அங்கே எக்ஸ்ரேயும் இல்லை, குழாய் போட ஆளும் இல்லை. காற்று முழுதாகப் போனது எக்ஸ்ரேயில் தெரிந்து, அதற்கு மேலும் ஒரு வாரம் கழித்துத்தான் பறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். மகன் சந்தோஷப்படவில்லை, காசு திரும்பி வராத ரிக்கெற். "ரோட்டால் கொழும்புக்குக் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டார். ரோட்டால் போகலாம், ஆனால் முடிவு வரட்டும், அதற்குள் ஏன் அலைக்கழிப்பது என்றோம்.

ஒக்சிசன் இல்லாமல் காற்று ஒரு நாளைக்கு அந்தப் பக்க நெஞ்சின் கொள்ளளவில் ஒன்றேகாலிலிருந்து இரண்டு வீதம் வரைதான் உறிஞ்சப்படும். அவருடையது பதினைந்து வீதம் என்று மதித்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். ஒரு வாரத்துப் படத்தில் சில மில்லிமீற்றர் மிச்சம் இருந்தது, அதற்கு அடுத்த படத்தில் இல்லை.

முடிவு

சேலைனில் போட்ட துண்டில் செய்த ஜீன்எக்ஸ்பேர்ட் முதலில் வந்தது: காசநோய்க் கிருமி இருக்கிறது, காசநோய் மருந்தான ரிபம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. போர்மலின் துண்டுகளின் அறிக்கை பிறகு வந்தது, காசநோயில் வரும் மாதிரியான அழுகலோடு கூடிய கட்டி, புற்றுநோய் அணுக்கள் இல்லை.

ஆறு மாத மருந்து. இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து, அவருடைய ஊருக்குப் பக்கத்து கிளினிக்கில் ஆள் முன்னிலையில் விழுங்க ஏற்பாடு. வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதித்தோம். சென்னைப் பயணம் தேவைப்படவில்லை. காசநோயும் புற்றுநோயும் ஒரே நுரையீரலில் சேர்ந்து இருக்கக்கூடும் என்பதால் மருந்து முடிந்த பிறகு சீ.ரி. திரும்ப எடுத்தோம், கட்டி இருந்த இடத்தில் சின்னத் தழும்பு மட்டும். எடை திரும்பி வந்திருந்தது.

இனி மாற்றிச் செய்வது

வழி தேர்ந்தது, ஒரே ஓட்டை, மூன்றோடு நிறுத்தியது, உடனே உருட்டியது, குழாய் போடாமல் விட்டது, இவற்றில் எதையும் மாற்ற மாட்டோம். இருமலைத்தான் முதலில் பார்த்திருக்கலாம். மூன்று மாதமாக இருமுகிற ஒருவர் மேசையில் இருமாமல் இருப்பார் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் அதிகம். இப்போது இப்படியானவர்களுக்கு ஊசிக்கு முன் இருமலை அடக்கும் மருந்து கொடுக்கிறோம், காலையில் சளி துப்பி முடிந்த பிறகு உள்ள நேரத்தைக் கேட்கிறோம், மூச்சை ஒரே அளவில் நிறுத்துவதை முதல் நாளே வார்டில் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குகிறோம். மேசையில் பயத்தோடு கிடக்கும்போது கற்றுக்கொடுத்தால் யாருக்கும் வராது.

இன்னொன்று, பயணத்தைப் பற்றிச் சம்மதப் படிவத்தோடேயே கேட்கிறோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ரிக்கெற் எப்போது போடுவார்கள் என்று தெரியாது. தூர ஊர்க்காரர்களை அன்றே வீட்டுக்கு அனுப்புவது பற்றியும் இப்போது முன்கூட்டியே பேசுகிறோம். நாலு மணி நேரப் படத்தில் ஒன்றுமில்லாத ஆளை அன்றே விடலாம், ஆனால் பொத்துவிலுக்கோ திருக்கோவிலுக்கோ பின்னேர பஸ்ஸில் போக இருப்பவருக்கு எம்பிசீமாவும் இருந்தால், கட்டில் ஒன்று முதல் நாளே சொல்லி வைக்கிறோம்.